தோள்பட்டை அடிபட்டு மறுபடி கட்டட வேலைக்குப் போகிறவர்கள் கேட்ட சில கேள்விகள்

கோத்தகிரிப் பக்கம் சித்தாள் வேலை செய்கிறேன், வயது 45. மழையில் படி வழுக்கி விழுந்ததில் வலது தோளில் தசைநார் பாதி கிழிந்துவிட்டது. ஆபரேஷன் வேண்டாம் என்றார்கள். எட்டு வாரம் ஆகிறது. டாக்டர் "லேசான வேலை" என்று எழுதிக் கொடுத்தார். மேஸ்திரியோ, "சித்தாள் வேலையில் லேசு ஏது?" என்கிறார். என்ன செய்வது?

"லேசான வேலை" என்ற சீட்டு மட்டும் இருந்தால் மேஸ்திரிக்கு ஒன்றும் புரியாது. எத்தனை மணி நேரம், எவ்வளவு எடை, எந்த உயரம் வரை என்று மூன்றையும் டாக்டரிடமோ பிசியோவிடமோ எழுதி வாங்குங்கள். உங்கள் நிலையில் ஒருவருக்கு நான் போட்டுக் கொடுக்கும் திட்டம் ஏறக்குறைய இப்படி இருக்கும். முதல் இரண்டு வாரம் அரை நாள்தான், இடுப்புக்கு மேல் கை போகாத வேலை: சுவருக்கு ஓஸில் தண்ணீர் அடிப்பது, செங்கல்லை ஒவ்வொன்றாக நனைத்துக் கொடுப்பது, கீழே உட்கார்ந்து கம்பிக்குக் கட்டுக்கம்பி வெட்டுவது. எடை 5 கிலோவுக்குள். அடுத்த இரண்டு வாரம் அதே எடையில் ஆறு மணி நேரம். ஐந்தாவது வாரத்தில் நேரத்தைக் கூட்டாமல் எடையைக் கூட்டுங்கள், அரைச் சட்டி சாந்தை இரண்டு கையாலும் இடுப்பு உயரத்தில் வாங்கிக் கொடுக்கலாம். அது ஒத்துக்கொண்ட பிறகுதான் முழு நாள், அப்புறம் முழுச் சட்டி. நேரத்தையும் எடையையும் ஒரே வாரத்தில் கூட்டினால், வலி வந்தபோது எதனால் வந்தது என்றே தெரியாது.

தலைச்சுமையைக் கடைசிக்குத் தள்ளுங்கள். சட்டி சும்மாட்டில் உட்கார்ந்த பிறகு பாரம் கழுத்துக்கும் முதுகுக்கும் போய்விடும். தோளை அறுப்பது அதைத் தூக்கி வைக்கிற, இறக்குகிற நொடிகள்தான். ஆகவே முதல் சில வாரம் தூக்கி விடவும் இறக்கவும் ஒரு ஆள் இருக்கட்டும், சட்டியை இடது கையால் பிடியுங்கள். நம் ஊரில் இன்னொன்றும் உண்டு. பாசி பிடித்த படியில் கால் வழுக்கினால், யோசிக்காமல் அடிபட்ட கைதான் எதையாவது எட்டிப் பிடிக்கும், பாதி கிழிந்தது முழுதாகக் கிழிவது அப்படித்தான். மழைக்காலத்தில் சுமையோடு சரிவு ஏறுவதை, சமதளத்தில் முழுச் சட்டி பழகிய பிறகே தொடங்குங்கள்.

வலித்தால் நிறுத்த வேண்டுமா? கொஞ்சம் வலி இருக்கத்தானே செய்யும்?

இருக்கும். பத்துக்கு மூன்று அளவு வலி, மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டால் பரவாயில்லை, அதே படியில் தொடருங்கள். ராத்திரி அந்தப் பக்கம் திரும்பிப் படுக்க முடியாமல் விழிப்பு வந்தாலோ, மறுநாளும் குறையாமல் இருந்தாலோ, முந்தைய படிக்குப் போய் சில நாள் இருங்கள். வேலைக்குப் போகும் முன் வலி மாத்திரை போட்டுக்கொண்டு அடுத்த படிக்குத் தாவாதீர்கள், இந்தக் கணக்கே தப்பாகிவிடும். திடீரென்று கை தூக்கவே வராமல் போனாலோ, விரல் மரத்தாலோ அன்றே டாக்டரைப் பாருங்கள்.

நான் கொத்தனார். மேல்தளப் பூச்சு எப்போது செய்யலாம்?

கண்ணாடி முன் நின்று கையைப் பக்கவாட்டில் மெதுவாகத் தூக்குங்கள். தோள் காதை நோக்கி ஏறிக்கொண்டு வந்தால் உள்ளே இருக்கும் தசைநார் இன்னும் வேலை செய்யவில்லை, கழுத்துத் தசைதான் இழுக்கிறது என்று அர்த்தம், இப்போது வேண்டாம். இரண்டு தோளும் ஒரே மட்டத்தில் இருந்து, 2 கிலோ எடையைத் தலை உயரத்திலிருந்து பத்து முறை நடுங்காமல் இறக்க முடிந்தால் தொடங்கலாம். உடம்பை ஒட்டி, ஒரு சாண் தள்ளிப் பிடிக்கிற கரண்டிச் சாந்தை, கையை நீட்டி மூன்று சாண் தள்ளிப் பிடித்தால் தோளுக்கு மூன்று மடங்கு பாரம். அதனால் சாரத்தை ஒரு பலகை உயர்த்திக் கட்டச் சொல்லுங்கள், முழங்கை மடங்கியே இருக்கட்டும். முதல் வாரம் கால் மணி நேரம் பூசினால் அடுத்த அரை மணி கீழ்ச்சுவர்.

ஊட்டிக் குளிரில் காலையில் தோள் இறுகிப் போகிறது. காயம் பெரிதாகிறதா?

அரை மணியில் இளகினால் இல்லை. வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, குனிந்து கையைத் தொங்கவிட்டு ஊசல் மாதிரி ஆட்டி, சுவரில் விரலால் ஏறிப் பழகிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். ஆனால் முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து முன்கையை வெளிப்பக்கம் திருப்பவே வராவிட்டால் தோள் உறைந்துபோகிறது என்று சந்தேகப்பட வேண்டும், சர்க்கரை உள்ளவர்களுக்கு இது அதிகம்.

அரை நாள் போனால் அரைக் கூலிதான். நஷ்ட ஈடு நின்றுவிடுமா?

வேலையின்போது அடிபட்டு, இ.எஸ்.ஐ. இல்லாதவர் என்றால், தற்காலிகமாக வேலை செய்ய முடியாத காலத்துக்கு 15 நாளுக்கு ஒருமுறை மாதக் கூலியில் கால் பங்கு முதலாளி தர வேண்டும் என்பது 1923ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே இருக்கிறது. அரை நாள் வேலைக்குத் திரும்பியதால் மட்டும் அது நிற்காது. பழைய கூலிக்கும் இப்போதைய கூலிக்கும் உள்ள வித்தியாசத்தைத் தாண்டக் கூடாது, அவ்வளவுதான். அடிபட்ட தேதி, டாக்டர் சீட்டு, எந்த நாள் எத்தனை மணி நேரம் என்ற குறிப்பு, மூன்றையும் ஒரு நோட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.