தலைசுற்றல் நின்ற பிறகும் நடை தள்ளாடுவது ஏன்?

கேள்வி: எனக்கு 43 வயது. மூன்று வாரத்துக்கு முன் விடியற்காலையில் எழுந்தபோது அறையே சுழன்றது. நாள் முழுவதும் வாந்தி. மருத்துவர் என் தலையைச் சட்டென்று இடப்பக்கம் திருப்பிக் கண்களைப் பார்த்துவிட்டு, ‘வெஸ்டிபுலார் நியூரைட்டிஸ்’ என்றார். சி.டி. ஸ்கேனில் ஒன்றுமில்லை. காது நன்றாகக் கேட்கிறது. ஆனால் திரும்பினால் இன்னும் தள்ளாடுகிறது. இணையத்தில் ‘லேபிரிந்தைட்டிஸ்’ என்றும், பக்கவாதத்தின் தொடக்கம் என்றும் போட்டிருக்கிறார்கள். சுற்றல் மாத்திரையை இன்னும் சாப்பிடுகிறேன். பயத்தில் வெளியே போவதில்லை.

பதில்: உங்கள் அச்சத்துக்கு விடை ஸ்கேனில் இல்லை, உங்கள் மருத்துவர் செய்த அந்த அரை நிமிடச் சோதனையில் இருக்கிறது. தன் மூக்கைப் பார்க்கச் சொல்லிவிட்டு அவர் உங்கள் தலையைச் சட்டென்று திருப்பியிருப்பார். சமநிலை நரம்பு நன்றாக இருந்தால் பார்வை மூக்கைவிட்டு நகராது. இடப்பக்க நரம்பு தளர்ந்திருந்தால், தலையோடு சேர்ந்து கண்ணும் விலகிப்போய், ஒரு நொடிக்குள் துள்ளித் திரும்பி வரும். விடாமல் சுற்றிக்கொண்டிருக்கும் நேரத்தில் அந்தத் துள்ளலைக் கண்டால், கோளாறு காதிலிருந்து வரும் நரம்பில்தான் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். பின்மூளையில் ஏற்படும் சிறு பக்கவாதத்தில் கண் பெரும்பாலும் இயல்பாகவே நிற்கும். அத்தகைய சிறு பக்கவாதத்தை சி.டி. ஸ்கேன் பெரும்பாலும் காட்டாது. ஆகையால் அந்த அறிக்கையை நம்பி நிம்மதியடையவும் வேண்டாம், அதைச் சந்தேகித்துக் கலங்கவும் வேண்டாம். இச்சோதனையை வீட்டில் யாரும் செய்து பார்க்கக் கூடாது.

இரண்டு பெயர்களுக்கும் உள்ள வேறுபாடு கேட்கும் திறன்தான். நியூரைட்டிஸில் சமநிலை நரம்பு மட்டும் வீங்குகிறது. பெரும்பாலும் வைரஸால் என்று கருதுகிறோம். லேபிரிந்தைட்டிஸில் உள்காதே வீங்குவதால் கேட்கும் திறனும் குறையும், இரைச்சலும் சேரும். உங்களுக்குக் காது கேட்கிறது. எனவே அந்தப் பெயரை மறந்துவிடுங்கள். ஆனால் இந்த ஒன்றை மட்டும் கவனியுங்கள்: கைபேசியை ஒவ்வொரு காதிலும் மாறி மாறி வைத்துப் பேசும்போது ஒரு பக்கம் திடீரென்று மங்கியிருந்தால், ‘சளி அடைத்திருக்கும்’ என்று சொட்டு மருந்து விட்டுக்கொண்டு காத்திருக்காமல், அன்றே காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். கேட்கும் நரம்பைக் காப்பாற்றும் ஸ்டீராய்டு சிகிச்சைக்கு ஒவ்வொரு நாளும் முக்கியம். இரண்டு வாரம் கடந்தால் பலன் வெகுவாகக் குறைந்துவிடும். சுற்றலோடு சேர்ந்து காது மங்கினால், அது உள்காதுக்கும் பின்மூளைக்கும் செல்லும் இரத்தக்குழாய் அடைப்பாகவும் இருக்கக்கூடும். அப்போது நேராக அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். பிடிமானமின்றி உட்காரவே முடியாமற்போனாலும், பேச்சு குழறினாலும் அப்படியே. பித்தம், கழுத்துத் தேய்மானம் என்று பிறர் சொல்வதற்கெல்லாம் நீங்கள் செவிகொடுக்கத் தேவையில்லை.

என்னை வருத்துவது உங்கள் மாத்திரைதான். புரோகுளோர்பெரசின், சின்னாரிசின் போன்றவை முதல் இரண்டு மூன்று நாள் வாந்தியை அடக்குவதற்கு மட்டுமே. ஒரு பக்க நரம்பு தளர்ந்துவிட்டால், மறுபக்கத்தையும் கண்களையும் பாதங்களையும் கொண்டு மூளை புதிதாகக் கணக்குப் போட்டுக்கொள்ள வேண்டும். தலை அசையும்போது வரும் அந்தத் தடுமாற்றமே அதற்குப் பாடம். மாத்திரை அந்தப் பாடத்தை மழுங்கடிக்கிறது, நீங்கள் அசையாமல் வீட்டில் இருப்பதும் அப்படியே. உங்கள் மருத்துவரிடம் சொல்லி இந்த வாரமே மாத்திரையை நிறுத்துங்கள்.

அதற்குப் பதிலாக, ஒரு தாளில் ‘அ’ என்று எழுதி, கண் மட்டத்தில், கை நீட்டும் தொலைவில் சுவரில் ஒட்டுங்கள். நாற்காலியில் அமர்ந்து, எழுத்திலிருந்து பார்வையை எடுக்காமல், ‘வேண்டாம்’ என்று தலையாட்டுவதுபோல் ஒரு நிமிடம் இடமும் வலமும் திருப்புங்கள். பிறகு மேலும் கீழுமாக ஒரு நிமிடம். எழுத்து மங்காத அளவுக்கே வேகம் இருக்கட்டும். இதை ஒரு நாளைக்குப் பல தடவையாகப் பிரித்து, மொத்தம் 12 நிமிடமாவது செய்யுங்கள். செய்யும்போது லேசாகச் சுற்றத்தான் வேண்டும். சுற்றவே இல்லையென்றால் வேகம் போதவில்லை. கால் மணி நேரத்துக்குப் பிறகும் அடங்காவிட்டால் மறுமுறை வேகத்தைக் குறையுங்கள். உட்கார்ந்து செய்வது எளிதாகிவிட்டால் நின்று செய்யுங்கள். பிறகு பூப்போட்ட திரைச்சீலையின் மேல் தாளைக் குத்திக்கொண்டு செய்யுங்கள். இதோடு, துணைக்கு ஒருவரை வைத்துக்கொண்டு, தாழ்வாரத்தில் இரண்டு பக்கமும் தலையைத் திருப்பிப் பார்த்தபடி தினமும் நடந்து பழகுங்கள்.

பெரும்பாலோருக்கு ஆறு வாரம் முதல் மூன்று மாதத்துக்குள் நடை சீராகிவிடும். கூட்டத்திலும் இருட்டிலும் வரும் தள்ளாட்டம் கடைசியாகத்தான் போகும். அதற்குள் ஒரு நாள், படுக்கையில் புரளும்போது ஒரு நிமிடத்துக்கும் குறைவாகச் சுற்றி நின்றால், பழைய நோய் திரும்பிவிட்டது என்று எண்ண வேண்டாம். உள்காதின் நுண்துகள் இடம் மாறியிருக்கும். இந்நோய்க்குப் பிறகு அது வருவதுண்டு. மருத்துவர் உங்கள் தலையை முறைப்படி திருப்பிப் படுக்கவைத்தே அதைச் சரிசெய்துவிடுவார். அதற்கும் மாத்திரை தேவையில்லை.