கிடங்கு போர்ட் அடிக்கடி விழுந்து எழுவது

“புளியரையில் எங்கள் அலுவலகத்துக்கும் கிடங்குக்கும் 2 கி.மீ. சிங்கிள் மோட் ஃபைபர், இரு முனையிலும் 1ஜி எல்எக்ஸ் எஸ்எஃப்பி. போர்ட் தினமும் பத்து முறை விழுந்து எழுகிறது. ஆர்எக்ஸ் அலுவலகத்தில் −7.5, கிடங்கில் −20 டிபிஎம். எஸ்எஃப்பி மாற்றலாமா?”

அவசரப்பட்டு வாங்க வேண்டாம், ஐயா. இரண்டு கிலோமீட்டருக்கு, இணைப்பிகளையும் சேர்த்து, சுமார் 2 டிபி இழப்பே இயல்பு. அலுவலகத்திலிருந்து −6 அளவில் ஒளி புறப்பட்டால் கிடங்கில் −8 வர வேண்டும். −20 என்பது எல்எக்ஸ் வாங்கியின் உணர்திறன் எல்லையான −19-ஐயும் தாண்டியது என்பதால், சற்று அசைந்தாலும் இணைப்பு அறுகிறது. முதலில் அலுவலக முனையின் டிஎக்ஸ் அளவைப் பாருங்கள். சிஸ்கோ ஸ்விட்ச் எனில்:

```
show interfaces gi1/0/25 transceiver detail
```

டிஎக்ஸ் சரியாக இருந்தால், இரு முனையிலும் இழைகளை இடம் மாற்றிச் செருகுங்கள். குறைந்த அளவு அலுவலகத்துக்கு இடம் பெயர்ந்தால் பழுது இழையில். கிடங்கிலேயே நின்றால் எஸ்எஃப்பியில்.

எனக்கு இழையின் மேல்தான் சந்தேகம். மலையடிவாரக் கிடங்கு ஒன்றில் இதே பழுதைத் தேடியபோது, பேட்ச் கார்டின் முனையை நுண்ணோக்கியில் பார்த்தேன். நடுப்புள்ளியின் மேலேயே ஒரு தூசு ஒட்டியிருந்தது. ஃபைபர் கிளீனர் பேனாவால் கார்டின் முனையையும், எல்லாரும் மறந்துவிடும் அடாப்டரின் உட்பக்க முனையையும் துடைத்ததும் −20 என்பது −8 ஆயிற்று. சட்டைத் துணியால் துடைக்காதீர்கள். ஒளி ஓடும் இழைக்குள் கண்ணால் பார்க்கவே கூடாது.

துடைத்தும் அளவு ஏறாவிட்டால் பேட்ச் கார்டை மாற்றுங்கள். அதன் பிறகே ஸ்பிளைஸ் பெட்டியைத் திறக்க வேண்டும்.