ஆர்.டி. முதிர்வுத் தொகை: கேள்வி பதில்

அஞ்சலக ஆர்.டி., மாதம் 1000 ரூபாய், 6.7 சதவீதம், 5 வருடம். என் எக்செல் 71,436 காட்டுகிறது. அஞ்சலக அட்டவணையில் 71,366. 70 ரூபாய் எங்கே போனது சார்?

எங்கேயும் போகவில்லை. நீங்கள் மாதாமாதம் வட்டியை அசலில் சேர்த்திருக்கிறீர்கள். ஆர்.டி.யில் மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் சேரும்.

ஒரு காலாண்டைக் கையால் போட்டுப் பாருங்கள். முதல் மாதம் கட்டிய ஆயிரம் 3 மாதம் கிடக்கிறது, அடுத்தது 2 மாதம், மூன்றாவது ஒரு மாதம். மொத்தத்தில் ஆயிரம் ரூபாய் 6 மாதம் கிடந்ததற்குச் சமம். அதற்கு வட்டி 33.50. ஆக, காலாண்டு முடிவில் 3,033.50. அடுத்த காலாண்டில் இந்தத் தொகை 1.675 சதவீதம் வளர்ந்து 3,084.31 ஆகும், அதோடு புதிதாக ஒரு 3,033.50 சேர்ந்து 6,117.81. இப்படி 20 காலாண்டு போனால் 71,367 வரும்.

அட்டவணையைவிட ஒரு ரூபாய் கூடுதலாக இருக்கிறதே என்பீர்கள். காலாண்டுக்குள் நாம் தனிவட்டி போட்டோம். அட்டவணைக் கணக்கு காலாண்டு வளர்ச்சியையே மூன்று சம மாத வளர்ச்சியாகப் பிரிக்கிறது. அதில் முதல் காலாண்டு 3,033.44 ஆகிறது. அந்த ஆறு பைசாதான் கடைசியில் ஒரு ரூபாய்க்கு மேல் வந்து நிற்கிறது. எக்செல்லில் இப்படி:

```
=FV((1+6.7%/4)^(1/3)-1,60,-1000,0,1)
```

கடைசியில் இருக்கும் அந்த 1-ஐ விட்டுவிடாதீர்கள். தவணையை மாதத் தொடக்கத்தில் கட்டுவதாக அதற்குப் பொருள். விட்டால் 394 ரூபாய் குறைந்துவிடும்.

மாதம் 5000 கட்டினால் எவ்வளவு வரும்?

மேலே உள்ளதை ஐந்தால் பெருக்குங்கள். 3,56,830.

60,000 கட்டி 11,366 தான் வட்டி. 5 ஆண்டுக்கு வகுத்தால் 3.79 சதவீதம். 6.7 என்று போர்டில் எழுதுவது ஏமாற்று வேலை இல்லையா?

இல்லை. அறுபதாயிரமும் முதல் நாளே உள்ளே போகவில்லை. முதல் தவணை 60 மாதம் இருக்கிறது, கடைசித் தவணை ஒரே மாதம். சராசரி 30.5 மாதம். 60,000-க்கு 30.5 மாதத் தனிவட்டி போட்டாலே 10,217 வருகிறது. மீதி வட்டிக்கு வட்டி.

அதே அறுபதாயிரத்தை அதே விகிதத்தில் 5 வருட எஃப்.டி.யில் மொத்தமாகப் போட்டால் 83,644 வருகிறதே! அப்போ ஆர்.டி. பாதி வட்டி என்று சொல்வது சரிதானே?

வட்டித் தொகை ஏறக்குறைய பாதி, ஆமாம். வட்டி விகிதம் பாதி இல்லை. கையில் மொத்தமாக அறுபதாயிரம் இருப்பவர் ஆர்.டி. பக்கமே வரவேண்டாம், சம்பளத்தில் மாதம் ஆயிரம் மிச்சம் பிடிப்பவருக்கு அந்த எஃப்.டி. கிடைக்கப்போவதும் இல்லை.

என்ன இருந்தாலும் என் பையில் வருவது 3.79 தான். கணக்கு போட்டு மழுப்பாதீர்கள்.

மழுப்பவில்லை ஐயா. உங்கள் முறையிலேயே 12 மாத ஆர்.டி. ஒன்றைப் போட்டுப் பாருங்கள். அதே 6.7-க்கு விகிதம் இன்னும் கீழே, 3.7 பக்கம் வரும். இதே வகுத்தலைத் தலைகீழாக வைத்துத்தான் மாதத் தவணைக் கடனை 'ஃபிளாட் ரேட்' 7 சதவீதம் என்று விற்கிறார்கள். அசல் குறையக் குறைய வட்டி குறையாது. அங்கே 7 என்றால் உண்மையில் 12, 13-ஐத் தொடும். உங்களுக்கு இன்னும் ஒப்பவில்லை என்றால் சரி, விட்டுவிடுகிறேன்.

அம்மா இரண்டு மாதம் கட்டவில்லை. முதிர்வில் எவ்வளவு குறையும் அண்ணா?

அஞ்சலகம் என்றால் 100 ரூபாய்க்கு மாதம் 1 ரூபாய் அபராதம். பாக்கியையும் சேர்த்துக் கட்டிவிடச் சொல்லுங்கள். தொடர்ந்து நான்கு தவணை விட்டால் கணக்கு நின்றுவிடும். இரண்டு மாதத்துக்குள் உயிர்ப்பிக்கலாம். பாஸ்புக்கோடு அலுவலகத்தில் நேரில் கேட்பது நல்லது.

வங்கியில் 20 மாத ஆர்.டி. மூன்றால் வகுபடவில்லையே, எப்படிப் போடுவது?

நல்ல கேள்வி. மேலே உள்ள சூத்திரத்தில் 60-க்குப் பதில் 20, விகிதம் உங்கள் வங்கியுடையது. அது பாட்டுக்கு விடை தரும். ஆனால் கடைசி இரண்டு மாதத்துக்குத் தனிவட்டி போடுகிறார்களா, பிரித்த காலாண்டு வளர்ச்சியா என்பது அந்தந்த வங்கியின் கணினி அமைப்பைப் பொறுத்தது. பாஸ்புக்கில் இரண்டொரு ரூபாய் விலகினால் அதனால்தான். நூற்றுக்கணக்கில் விலகினால் கடைசி 1-ஐப் பாருங்கள், அல்லது தவணை தாமதமாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

மாதம் 2500 கட்டினால்?

5000-க்குச் சொன்னதில் பாதி.

நகைக்கடைச் சீட்டு நல்லதா ஆர்.டி. நல்லதா?

அது வேறு கேள்வி, வேறு இழை.

10,000 கட்டினால் எவ்வளவு சார்?

1000-க்குச் சொன்னதைப் பத்தால் பெருக்குங்கள்.