எலைசாவில் ஆன்டிபாடி எப்படிக் கண்ணுக்குத் தெரிகிறது?

கேள்வி: சுங்கை சிப்புட்டில் ஒரு லேப்பில் புதிதாக டெக்னீஷியன் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். எலைசா டெஸ்ட் ரத்தத்தில் உள்ள ஆன்டிபாடியை எப்படிக் கண்டுபிடிக்கிறது? படிப்படியாகச் சொல்ல முடியுமா?

பதில்:

குழியில் நீங்கள் பார்க்கும் மஞ்சள் நிறத்தைத் தருவது என்சைம். ஆன்டிபாடிக்கு நிறமே கிடையாது. நோயாளியின் ஆன்டிபாடி குழியில் ஒட்டியிருந்தால்தான் என்சைமுக்கும் அங்கே தங்க இடம் கிடைக்கும். அதனால் ஒவ்வொரு படியிலும், இப்போது குழியில் எது ஒட்டியிருக்கிறது, எது கழுவலில் வெளியே போனது என்று கேட்டுக்கொண்டே வாருங்கள். டெஸ்ட் முழுவதும் புரிந்துவிடும்.

தோட்டங்கள் சூழ்ந்த ஊர் என்பதால் எலிச் சிறுநீர்க் காய்ச்சலுக்கான ஐஜிஎம் எலைசாவையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். லெப்டோஸ்பைரா கிருமியால் வருவது. ஐஜிஎம் என்பது தொற்று வந்ததும் முதலில் உண்டாகும் ஆன்டிபாடி வகை. செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்பவர்களின் ரத்தம் இதற்காக உங்கள் மேசைக்கு வரும்.

பிளேட்டில் 96 குழிகள். பல கிட்களில் ஒவ்வொரு குழியின் அடியிலும் லெப்டோஸ்பைரா பைஃபிளெக்ஸா என்ற இனத்தின் புரதங்களை ஏற்கெனவே ஒட்டவைத்திருப்பார்கள். அது நோய் தராத இனம். ஆனாலும் நோய் தரும் இனங்களோடு பொதுவான பகுதிகள் அதில் இருப்பதால், அவற்றுக்கு எதிராக உண்டான ஆன்டிபாடியும் இதில் வந்து ஒட்டும். மிச்சமுள்ள வெற்று பிளாஸ்டிக்கை வேறொரு புரதத்தால் மூடியிருப்பார்கள். மூடாவிட்டால் சீரத்தில் உள்ள கண்டதெல்லாம் அங்கே போய் ஒட்டிக்கொள்ளும்.

அடுத்தது சீரத்தை நீர்க்கச் செய்வது. 1:100 என்று கிட் தாள் சொன்னால் 10 மைக்ரோலிட்டர் சீரம், 990 மைக்ரோலிட்டர் பஃபர். ஐஜிஎம் தேடும் டெஸ்டில் இந்தப் பஃபர் சும்மா தண்ணீர் மாதிரி இருப்பதில்லை, ஐஜிஜி என்ற இன்னொரு ஆன்டிபாடி வகையைப் பிடித்து ஒதுக்கும் ஒரு பொருளும் அதில் இருக்கும். புதிதாக வருபவர்கள் அதிகம் கவனிக்காமல் விடுவது இதைத்தான், அதனால் கொஞ்சம் விளக்குகிறேன். சீரத்தில் ஐஜிஎம்மைவிட ஐஜிஜிதான் பல மடங்கு அதிகம். முன்பு எப்போதோ இந்தக் கிருமி தொற்றியவரிடம் இருக்கும் பழைய ஐஜிஜி, குழியின் அடியில் உள்ள இடங்களை முதலில் பிடித்துக்கொண்டால் புதிய ஐஜிஎம்முக்கு இடம் இல்லாமல் போகும். பாசிட்டிவ் ஆக வேண்டியது நெகட்டிவ் ஆகிவிடும். இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். சிலருடைய ரத்தத்தில் ருமட்டாய்டு ஃபாக்டர் இருக்கும். அது பெரும்பாலும் ஐஜிஎம் வகை, ஐஜிஜியின் மேல்தான் போய் ஒட்டும். குழியில் ஐஜிஜி உட்கார்ந்திருந்தால் அதன் மேல் ருமட்டாய்டு ஃபாக்டர் ஏறிக்கொள்ளும், டெஸ்ட் அதையும் ஐஜிஎம் என்று எண்ணிவிடும். மூட்டுவலிக்காரருக்கு எலிக் காய்ச்சல் என்று ரிப்போர்ட் போகும். பஃபரில் கலந்தபின் கிட் சொல்லும் நேரம் காத்திருக்கச் சொல்வது இந்த ஐஜிஜியை அப்புறப்படுத்தத்தான். அவசரத்தில் அந்த நேரத்தைக் குறைக்காதீர்கள்.

சரி, நீர்த்த சீரத்தில் 100 மைக்ரோலிட்டரைக் குழியில் விட்டு, பிளேட்டை மூடி, தாளில் உள்ள வெப்பத்தில் அத்தனை நிமிடம் வையுங்கள். மூடாமல் வைத்தால் ஓரக் குழிகள் முதலில் வற்றி, நடுக்குழிகளோடு ஒப்பிட முடியாத எண்ணைக் காட்டும். இந்த நேரத்தில், ஆன்டிபாடி இருந்தால், அது அடியில் உள்ள புரதத்தைப் பற்றிக்கொள்கிறது.

பிறகு கழுவல். குழி விளிம்பு வரை, சுமார் 300 மைக்ரோலிட்டர் கழுவும் பஃபரை நிரப்பி, கவிழ்த்துக் கொட்டி, மீண்டும் நிரப்ப வேண்டும். எத்தனை தடவை என்பதைத் தாள் சொல்லும். கடைசியில் துடைக்கும் தாளின் மேல் கவிழ்த்துத் தட்டி ஈரத்தை எடுங்கள். ஆனால் குழிகளைக் காயவிடக் கூடாது, அடுத்த திரவம் கையில் தயாராக இருக்கட்டும். சரியாகப் பற்றிய ஆன்டிபாடி கழுவலில் போகாது, பற்றாதது எல்லாம் போய்விடும்.

இப்போது காஞ்சுகேட். மனித ஐஜிஎம்மை மட்டும் பிடிக்கும் ஒரு ஆன்டிபாடி, அதன் முதுகில் எச்ஆர்பி என்ற என்சைம். குழியில் நோயாளியின் ஐஜிஎம் இருந்தால் இது அதன்மேல் ஒட்டும், இல்லையென்றால் மிதந்துகொண்டிருக்கும். இதற்குப் பின் வரும் கழுவல்தான் எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியம். மிதந்த காஞ்சுகேட் துளி மீந்தாலும் அந்த என்சைம் நிறம் தரும், ஆன்டிபாடியே இல்லாத குழியும் பாசிட்டிவ் போல் தெரியும். நெகட்டிவ் கன்ட்ரோலே நிறம் ஏறி நின்றால் முதலில் கழுவலைச் சந்தேகப்படுங்கள். அடுத்து, என்சைம் பட்டால் நிறம் மாறும் திரவமான டிஎம்பியின் புட்டியைப் பாருங்கள். ஊற்றும் முன்பே நீலமாக இருந்தால் அது கெட்டுவிட்டது. பாசிட்டிவ் கன்ட்ரோல்கூட நிறம் வராமல் நின்றால் காஞ்சுகேட் விடுபட்டதா, கழுவும் பஃபரில் சோடியம் அசைடு கலந்திருக்கிறதா என்று பாருங்கள். அசைடு எச்ஆர்பியை முடக்கிவிடும்.

டிஎம்பி ஊற்றி, வெளிச்சம் படாமல் வையுங்கள். என்சைம் இருக்கும் குழி நீலமாகும். அமிலம் ஊற்றினால் வேலை நின்று நிறம் மஞ்சளாகும். டிஎம்பியை எந்த வரிசையில், எந்த வேகத்தில் ஊற்றினீர்களோ அதே போல அமிலத்தையும் ஊற்றுங்கள். அப்போதுதான் எல்லாக் குழிக்கும் சம நேரம் கிடைக்கும். பிறகு ரீடரில் 450 நானோமீட்டரில் படிக்க வேண்டும். நிறம் எவ்வளவு அடர்த்தி என்று ரீடர் தரும் எண்தான் ஓ.டி.

வந்த எண்ணை அப்படியே எழுதிவிட முடியாது. குலை வெட்டும் ஒருவருக்குக் காய்ச்சல் வந்த மூன்றாம் நாள் ரத்தம் எடுத்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். பாசிட்டிவுக்கும் நெகட்டிவுக்கும் எல்லை காட்டும் கட்-ஆஃப் கன்ட்ரோலின் மூன்று குழிகள் 0.34, 0.35, 0.36. சராசரி 0.35. அவருடைய குழி 0.21. வகுத்தால் 0.6. பல கிட்களில் 0.9-க்குக் கீழே நெகட்டிவ், 1.1-க்கு மேலே பாசிட்டிவ், இடையில் வந்தால் சந்தேகம். ஆக இது நெகட்டிவ். ஆனால் லெப்டோ ஐஜிஎம் பொதுவாகக் காய்ச்சல் தொடங்கி ஐந்து முதல் ஏழு நாளுக்குப் பின்தான் தெரியும் அளவுக்கு வரும். எனவே இந்த நெகட்டிவ், நோய் இல்லை என்று சொல்லவில்லை. பத்து நாள் கழித்து இரண்டாவது ரத்தம் வருகிறது. அன்றைய பிளேட்டில் கட்-ஆஃப் சராசரி 0.42, அவருடைய குழி 1.26. வகுத்தால் 3.0, பாசிட்டிவ். கட்-ஆஃப் ஒரு நாள் 0.35, இன்னொரு நாள் 0.42 என்று மாறியிருப்பதைப் பாருங்கள். இரண்டு பிளேட்டுகளின் ஓ.டி. எண்களை நேரடியாக ஒப்பிடக் கூடாது என்பது இதனால்தான்.

பாசிட்டிவ் வந்தாலும் அது உறுதி முடிவு ஆகாது. வேறு தொற்றுகளிலும் ஐஜிஎம் குறுக்கே ஒட்டலாம், பழைய ஐஜிஎம் மாதக்கணக்கில் நீடிக்கவும் செய்யும். உறுதி செய்ய உயிருள்ள லெப்டோஸ்பைராவோடு சீரத்தைக் கலந்து பார்க்கும் மேட் பரிசோதனை உண்டு, அது பெரிய லேப்களில்தான் நடக்கும். அதற்கும் இரண்டு ரத்தமும் தேவைப்படலாம். அதனால் முதல் ரத்தத்தின் மிச்ச சீரத்தைக் கொட்டாமல், பெயரும் தேதியும் எழுதி மைனஸ் 20 டிகிரியில் வையுங்கள். இரண்டாவது ரத்தம் வரும்போது இரண்டையும் ஒரே பிளேட்டில், பக்கத்துப் பக்கத்துக் குழிகளில் ஓட்டிவிடலாம்.