மரதன் தொண்டர் அறிவித்தல்: எந்த இடத்துக்கு எத்தனை மணி?

கேள்வி: திருகோணமலையில் நடக்கப்போகும் மரதன் ஓட்டத்துக்குத் தொண்டர்களைச் சேர்க்கும் பொறுப்பு எங்கள் விளையாட்டுக் கழகத்துக்கு வந்திருக்கிறது. 400 பேர் ஓடுகிறார்கள். காலை 5 மணிக்கு நகரில் தொடங்கி, நிலாவெளி வீதியால் போய் அதே வீதியால் திரும்பி வர வேண்டும். 6 மணித்தியாலத்தோடு போட்டி முடியும். 'தொண்டர்கள் தேவை. காலை 4 முதல் 9 வரை. ரீசேர்ட், சான்றிதழ், காலை உணவு வழங்கப்படும்' என்று எழுதி வைத்திருக்கிறேன். இது போதுமா? போன தடவை பெயர் தந்தவர்களில் பாதிப்பேர் வரவில்லை. வந்தவர்களிலும் சிலர் இடையில் போய்விட்டார்கள்.

பதில்: முதலில் அந்த '4 முதல் 9 வரை'யை வெட்டுங்கள். இடையில் போனவர்கள் மேல் பிழை சொல்ல முடியாது. 9 மணி என்று எழுதினால் 9 மணிக்குப் போகத்தான் செய்வார்கள். உங்கள் பாதையில் சில இடங்களில் உண்மையான வேலை அந்த நேரத்தில்தான் மும்முரமாக இருக்கும்.

மரதனில் எல்லாருக்கும் பொதுவான நேரம் என்று ஒன்று கிடையாது. ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு நேரம். முதல் ஆள் அந்த இடத்தைக் கடப்பது எப்போது, கடைசி ஆள் கடப்பது எப்போது என்று கணக்குப் பார்த்தால் போதும். நம் பக்கத்து நல்ல ஓட்டக்காரர் ஒருவர் ஒரு கிலோமீட்டரை மூன்றரை நிமிடத்தில் ஓடுவார் என்று வையுங்கள். 6 மணித்தியாலத்துக்குள் முடிக்கிற கடைசி ஆளுக்குக் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ எட்டரை நிமிடம் பிடிக்கும். தூரத்தை இந்த இரண்டாலும் பெருக்குங்கள்.

உதாரணத்துக்கு 5 கி.மீ. புள்ளியில், உப்புவெளிப் பக்கம், தண்ணீர் மேசை போடுகிறீர்கள். முதல் ஆள் 5.17க்கு அங்கே நிற்பார், கடைசி ஆள் 5.43க்கு. அரை மணித்தியாலத்துக்குள் 400 பேரும் போய்விடுவார்கள். ஆனால் பாதை திரும்பி வருவதால் அதே மேசைதான் அவர்களுக்கு 37 கி.மீ. மேசையும். திரும்பி வரும்போது முதல் ஆள் 7.10க்கு வருவார், கடைசி ஆள் 10.16க்கு. போகும்போது 26 நிமிடமாக இருந்த இடைவெளி வரும்போது 3 மணித்தியாலத்துக்கு மேல் இழுபடுகிறது. ஓட்டத்தை நாலிலிருந்து ஐந்தரை மணித்தியாலத்தில் முடிக்கிற பெரிய கூட்டம் உங்கள் மேசையைக் கடப்பது 8.30க்கும் 9.50க்கும் இடையில். நீங்கள் 9 மணிக்கு ஆட்களை வீட்டுக்கு அனுப்பினால் கூட்டத்தின் நடுவில் மேசை வெறிச்சோடும்.

இப்போது நடுவில் உள்ள நேரத்தைப் பாருங்கள். 5.45லிருந்து 7.10 வரை நகரத்துக்கும் உப்புவெளிக்கும் இடையில் ஓட்டக்காரர் ஒருவரும் இல்லை. முறை மாற்றத்தை அங்கே வையுங்கள். 6.15க்கு ஒரு வேன் இரண்டாவது முறை ஆட்களையும் சாப்பாட்டையும் ஏற்றிக்கொண்டு போகட்டும், முதல் முறை ஆட்களை ஏற்றிக்கொண்டு 7 மணிக்கு முன் திரும்பட்டும். வீதி மூடியிருக்கும் என்பதால் அந்த ஒரு வேனுக்குப் பொலிஸாரிடம் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். அன்று காலையில் போய்க் கேட்டால் நடக்காது. அப்படிப் பார்த்தால் முதல் முறை 3.45 முதல் 6.45, இரண்டாவது 6.30 முதல் 11.00. நடுவில் அந்தக் கால் மணி இரண்டு கூட்டமும் ஒன்றாக நிற்கும். குவளை எங்கே, குப்பைச் சாக்கு எங்கே என்று கைமாற்ற அது வேண்டும்.

எத்தனை பேர் என்பதும் இதிலிருந்தே வரும். போகிற நேரத்தில் ஒரு நிமிடத்துக்கு 25, 30 பேர் மேசையை மொய்ப்பார்கள். அதுவும் இருட்டில், ஏனென்றால் சூரியன் வர 6 மணியளவாகும். அதற்கு 12 பேர் வேண்டும்: எட்டுப் பேர் நீட்ட, இரண்டு பேர் நிரப்ப, இரண்டு பேர் குப்பைக்கு. வருகிற நேரத்தில் நிமிடத்துக்கு நாலைந்து பேர்தான், 7 பேர் தாராளம். ஆனால் வேலை வேறு மாதிரி. போகும்போது ஒரு குவளையைப் பறித்துக்கொண்டு ஓடியவர், வரும்போது நின்று இரண்டு குவளை கேட்பார், ஒன்று குடிக்க, ஒன்று தலையில் ஊற்ற. இரண்டு தடவைக்கும் சேர்த்து 1200 குவளை, குவளைக்கு 150 மில்லிலீற்றர் என்றால் 180 லீற்றர். 19 லீற்றர் போத்தல் பத்தில் அடங்கும், கை தவறுவதற்கும் சேர்த்து 12 எடுங்கள்.

குவளை நீட்டுவதைப் பயிற்சிக் கூட்டத்தில் செய்தே காட்டுங்கள். முக்கால்வாசிதான் நிரப்ப வேண்டும். விளிம்பை விரல் நுனியால் மேலிருந்து பிடித்துக் கையை வீதிப் பக்கம் நீட்டி நிற்க வேண்டும். ஓடுகிறவர் அடிப்பாகத்தைப் பிடித்துக்கொள்வார். குவளையை உள்ளங்கையால் இறுக்கிப் பிடித்தால் இருவர் கையும் மோதித் தண்ணீர் முழுக்க நிலத்தில். ஆனி, ஆடியில் நடத்தினால் இன்னொன்று: காலை ஏற ஏறக் கச்சான் காற்று எழும்பும், மேசையில் அடுக்கிய வெற்றுக் குவளையெல்லாம் வீதியில் ஓடும். நிரப்பாத குவளையைப் பெட்டியை விட்டு வெளியே எடுக்கக் கூடாது.

குப்பைக்கு இரண்டு பேர் என்றேன். அவர்கள் மேசைக்குப் பக்கத்தில் நிற்க மாட்டார்கள். குடித்துவிட்டு எறிகிற இடம் 50 முதல் 100 மீற்றர் தள்ளித்தான். நகருக்குள்ளே முடிவிடத்தில் இந்த வேலைக்கு இன்னும் கூட ஆட்களைப் போடுங்கள். நம் ஊர் மான்கள் வாழைப்பழத் தோலுக்கு வரும், தோலோடு பொலித்தீனையும் தின்றுவிட்டுப் போகும்.

மற்றப் பொறுப்புகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். திரும்பும் புள்ளியில் ஒவ்வொருவரும் ஒரு தடவைதான் வருவார், 6.14 முதல் 8 மணி வரை. முறை 4.45 முதல் 8.30. குறுகிய நேரம் கேட்பவர்களுக்கு அது நல்லது. சந்திகளில் நிற்பவர்கள் 18 வயதுக்கு மேற்பட்டவர்களாக இருக்கட்டும், வாகனத்தை மறிப்பது அவர்கள் வேலை அல்ல, அது பொலிஸாருடையது என்றும் அறிவித்தலிலேயே எழுதுங்கள். அதிகாலையில் வர முடியாதவர்களுக்கு முதல் நாள் இலக்கத் துண்டு வழங்கும் வேலை இருக்கிறது. முடிவிடத்தில் பதக்கம் போடுவதற்குத்தான் எல்லாரும் கை தூக்குவார்கள். ஆகவே படிவத்தில் இரண்டு விருப்பம் கேளுங்கள், பதக்கத்தை ஒரு விருப்பமாக மட்டும் அனுமதியுங்கள்.

வராமல் விட்டவர்கள் விஷயத்துக்கு வருவோம். சோம்பல் என்று நினைக்காதீர்கள். 3.45க்கு உப்புவெளியில் நிற்க எந்த பஸ்ஸும் இல்லை. ஒரு பிள்ளை வீட்டில் கேட்டால் தகப்பன் முதலில் கேட்பது 'அந்த நேரத்தில யார் கூட்டிக்கொண்டு போறது, யார் கொண்டுவந்து விடுறது?' என்பதுதான். அறிவித்தலில் அதற்குப் பதில் இல்லையென்றால் பெயர் கொடுத்த பிள்ளை முதல் நாள் இரவு பேசாமல் படுத்துவிடும். வேன் எங்கிருந்து எத்தனை மணிக்கு, திரும்பி எங்கே இறக்கும், கூடப் போகும் பொறுப்பாளர் யார் என்ற மூன்றையும் எழுதுங்கள். மோட்டார் சைக்கிளில் வருகிறவர்களுக்கும் ஒரு வரி: வீதி திறக்கும்வரை வண்டியை எடுக்க முடியாது.

கொடுப்பவற்றையும் அளவோடு, உறுதியாகச் சொல்லுங்கள். நான் ஒரு போட்டிக்குத் தொண்டராகப் போனபோது 'ரீசேர்ட் உண்டு' என்றார்கள். வந்ததெல்லாம் ஒரே அளவு. மெலிந்த பிள்ளைகள் முழங்கால் வரை தொங்கும் சட்டையோடு நின்றார்கள், பருத்தவர்கள் கையில் வைத்திருந்தார்கள். படிவத்தில் அளவைக் கேட்டு, பயிற்சிக் கூட்டத்தன்றே கொடுத்துவிடுங்கள். யார் நிச்சயம் வருவார் என்பதும் அன்றைக்கே ஓரளவு தெரிந்துவிடும். சான்றிதழில் வெறுமனே 'பங்குபற்றினார்' என்று போடாமல் என்ன பொறுப்பு, எத்தனை மணித்தியாலம் என்று போடுங்கள். பாடசாலையிலோ வேலைக்கான நேர்முகத்திலோ காட்ட அதுதான் உதவும். பெயரை எந்த எழுத்தில் எப்படி எழுதுவது என்பதையும் அவர்களே படிவத்தில் எழுதட்டும்.

சாப்பாட்டில் இடியப்பமும் சம்பலும் வேண்டாம். தேங்காய்ச் சம்பல் அதிகாலையில் கட்டி வெயிலில் கிடந்தால் 9 மணிக்கே புளித்துவிடும். பணிஸ், வாழைப்பழம், ஒரு போத்தல் தண்ணீர், அப்புறம் ஒரு பிளேன்ரீக்கு வழி, அவ்வளவு போதும். முதல் முறை ஆட்கள் 5.45க்குப் பிறகு சாப்பிடலாம், அவர்களுடையது மேசைச் சாமானோடு 3.45க்கே போய்விட வேண்டும். சைவமா அசைவமா என்று படிவத்தில் கேளுங்கள், அசைவம் எல்லாம் ஹலாலாகவே எடுங்கள்.

அந்த மேசைக்கான பகுதியை நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

'தண்ணீர் மேசை, உப்புவெளி. முதல் முறை: 12 பேர், காலை 3.45–6.45. வேன் 3.15க்கு மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் புறப்படும், 7 மணிக்குள் அங்கேயே இறக்கும். இரண்டாம் முறை: 7 பேர், காலை 6.30–11.00. வேன் 6.15க்கு, அதே இடத்தில். திரும்பும் வேன் வீதி திறந்த பின். நிற்கிற வேலை, 8 மணிக்குப் பின் வெயில், தொப்பி கொண்டு வரவும். வயது 16க்கு மேல், 18க்குக் குறைந்தவர்கள் பெற்றோரின் கையொப்பத்தோடு. கிடைப்பவை: ரீசேர்ட் (பயிற்சியன்று), ஒளிரும் மேலங்கி (திருப்பித் தரவேண்டும்), காலை உணவு, பொறுப்பும் நேரமும் குறித்த சான்றிதழ். பணம் வழங்கப்படாது.'

கடைசி வாக்கியத்தை எழுதக் கூச்சப்படாதீர்கள். எழுதாவிட்டால் அன்று 11 மணிக்கு மேசையடியில் அந்தப் பேச்சு வரும். தமிழில் எழுதியதைச் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் போடுங்கள். மூன்றிலும் நேரங்கள் ஒன்றுதானா என்று ஒருவர் உரக்க வாசித்துப் பார்க்க வேண்டும், மொழிபெயர்க்கும்போது இலக்கம்தான் முதலில் மாறும்.

12 பேர் வேண்டிய முறைக்கு நான் 15 பேரை எடுப்பேன். மூன்று நாள் முன்னால் ஒவ்வொருவரையும் அழைத்து 'வேனில் வருகிறீர்களா, சொந்த வண்டியா?' என்று கேளுங்கள். 'வருவீர்களா?' என்று கேட்டால் எல்லாரும் ஓம் என்பார்கள். வேனா வண்டியா என்று கேட்டால்தான், வராதவர் கொஞ்சம் தயங்குவார். வர முடியாமல் போனால் யாருக்கு எத்தனை மணிக்கு முன் சொல்ல வேண்டும் என்பதையும் அறிவித்தலின் அடியில் ஒரு வட்ஸ்அப் இலக்கத்தோடு போட்டுவிடுங்கள். அந்தத் தொலைபேசி முதல் நாள் இரவு 10 மணிவரை யாராவது ஒருவர் கையில் இருக்க வேண்டும்.