கம்பெனிப் பெயருக்கு ஒப்புதல் கிடைத்தால் பிராண்டும் நமதாகிவிடுமா?

"நாங்கள் மூன்று நண்பர்கள். சிறு வியாபாரிகள் கடன் பாக்கியைக் குறித்துவைக்க ஒரு மொபைல் செயலி செய்து வருகிறோம். நாங்கள் கேட்ட கம்பெனிப் பெயருக்கு ஒப்புதல் வந்துவிட்டது; பதிவு இன்னும் முடியவில்லை. இனி அந்தப் பெயர் எங்களுக்குத்தானே? டிரேட்மார்க் என்று தனியாக ஒன்று வேண்டுமா? வேண்டுமென்றால் மூவரில் யார் பெயரில் போடுவது?"

வணக்கம். உங்களுக்கு வந்திருப்பது கம்பெனிக்குப் பெயர் சூட்டிக்கொள்ள அனுமதி மட்டும்தான். அந்தப் பெயரைப் பிறர் தங்கள் சரக்கின் மேல் ஒட்டாமல் தடுக்கும் உரிமை அதில் இல்லை; அதைத் தருவது டிரேட்மார்க்தான். நல்லவேளை, பதிவு முடியும் முன்பே கேட்டுவிட்டீர்கள்.

கம்பெனிப் பதிவு அலுவலகம் முக்கியமாகப் பார்ப்பது தன் சொந்தப் பேரேட்டை. இதே பெயரில், அல்லது பிரித்தறிய முடியாதபடி ஒட்டிய பெயரில், ஏற்கெனவே ஒரு கம்பெனி இருக்கிறதா என்பதுதான் அதன் கவலை. டிரேட்மார்க் அலுவலகத்தின் கேள்வி வேறு. இந்தப் பெயரைச் செயலியில் பார்க்கும் சாதாரண ஆள், வேறொருவருடைய பொருள் என்று ஏமாந்துபோவாரா? பல நாடுகளில் இவ்விரு அலுவலகங்களும் ஒன்றின் பேரேட்டை மற்றொன்று முழுவதுமாகப் புரட்டிப் பார்ப்பதில்லை. அதனால்தான் முறையாகப் பதிவான கம்பெனிக்கே, "எங்கள் பெயரை விட்டுவிடுங்கள்" என்று வேறொருவரின் வக்கீல் கடிதம் வருகிறது. அந்தக் கடிதத்துக்கு முன்னால் பதிவுச் சான்றிதழை நீட்டினால் பெரிய பயன் இருக்காது.

பெயரை நீங்கள் எழுதவில்லை. அதனால் இரண்டை நானே வைத்துக்கொள்கிறேன். செயலியின் பெயர் "கடன் குறிப்பு" என்றால் கம்பெனிப் பதிவில் அது தப்பிவிடலாம். டிரேட்மார்க்கில் பெரும்பாலும் மறுக்கப்படும். செயலி செய்யும் வேலையை அப்படியே சொல்லும் சொல்லை ஒருவருக்கு மட்டும் எழுதிக்கொடுத்தால் மற்ற வியாபாரிகள் எந்தச் சொல்லால் தங்கள் பொருளை விளக்குவார்கள்? "நாரை" என்றால் கதை வேறு. பறவைக்கும் கடன் கணக்குக்கும் ஒட்டுறவு இல்லை. அந்தச் சம்பந்தமின்மையே அதன் பலம். வாடிக்கையாளருக்கு உடனே புரியும் பெயரைத்தான் பலரும் விரும்புகிறார்கள். எனக்கோ அப்படிப்பட்ட பெயரைக் கேட்டாலே தலை வலிக்கும்.

"நாரை" என்றே முடிவு செய்தால் அடுத்த வேலை தேடல். அறிவுசார் சொத்துக்கான உலக அமைப்பு இணையத்தில் இலவசமாக ஒரு பிராண்ட் தேடுதளம் வைத்திருக்கிறது. உங்கள் நாட்டு டிரேட்மார்க் அலுவலகத்தின் தேடுதளத்தையும் பாருங்கள். இங்கே புதியவர்கள் செய்யும் தவறு, தாங்கள் எழுதும் எழுத்துக்கூட்டலை மட்டும் தட்டிப் பார்த்துவிட்டு நிம்மதி அடைவது. அலுவலகம் காதாலும் கேட்கும். ரோமன் எழுத்தில் நாரையை ஒருவர் ஒற்றை "ஏ" போட்டு எழுதியிருப்பார், இன்னொருவர் இரட்டை "ஏ" போட்டிருப்பார், மூன்றாமவர் கடைசியில் "ஒய்" போட்டிருப்பார். எல்லாவற்றையும் தேட வேண்டும். அதே பறவையின் ஆங்கிலப் பெயரையும் தேடுங்கள்; சில நாடுகளில் பொருள் ஒற்றுமையும் மோதலாகக் கருதப்படும். பிறகு செயலிக் கடைகளில் ஒரு சுற்று வாருங்கள். பதிவே செய்யாமல் உங்களுக்கு முன்பிருந்து அந்தப் பெயரில் தொழில் நடத்துபவருக்கும் சில நாடுகளில் சட்டம் இடம் கொடுக்கிறது.

தேடலில் ஒரு "நாரை" கிடைத்தாலும் உடனே மனம் தளர வேண்டாம். டிரேட்மார்க் வகுப்பு வாரியாகத்தான் தரப்படுகிறது. 1957-இல் நீஸ் நகரில் ஏற்பட்ட உடன்பாட்டின் வகைப்பாட்டில் இப்போது 45 வகுப்புகள் உள்ளன. முதல் 34 பொருள்களுக்கு, மீதி 11 சேவைகளுக்கு. நாரை சோப்பு 3-ஆம் வகுப்பில் இருக்கும். பெரும்புகழ் பெற்ற பெயராக இல்லாவிட்டால், அது உங்களைத் தடுக்க வாய்ப்பு குறைவு. நீங்கள் பார்க்க வேண்டியவை மூன்று. போனில் இறக்கிக்கொள்ளும் செயலி 9-ஆம் வகுப்பு. இறக்காமல் இணையத்திலேயே பயன்படுத்தும் மென்பொருள் 42. வியாபாரிகளுக்காக நீங்களே கணக்கு எழுதிக் கொடுப்பீர்கள் என்றால் 35. கடைசியானதைச் செய்யப்போவதில்லை என்றால் விட்டுவிடுங்கள். பெரும்பாலும் வகுப்பு கூடக்கூடக் கட்டணமும் கூடும்; பதிவு செய்துவிட்டுப் பல ஆண்டுகள் பயன்படுத்தாமல் வைத்திருந்தால் அதை நீக்கச் சொல்லிப் பிறர் கேட்கலாம். அதற்காகக் கையை மிகவும் இறுக்கிக்கொள்ளவும் கூடாது. விண்ணப்பித்த பிறகு பட்டியலைக் குறைக்கலாம், பொதுவாகக் கூட்ட முடியாது. கூட்ட வேண்டுமென்றால் புது விண்ணப்பம்தான்.

இனி யார் பெயரில் என்பது. மூவரில் யார் பெயரிலும் வேண்டாம், கம்பெனியின் பெயரில் போடுங்கள். என்னிடம் வந்த ஒரு குழுவில், கம்பெனி பிறக்கும் முன்பே அவசரத்தில் ஒருவர் தன் பெயரில் விண்ணப்பித்திருந்தார். நல்லெண்ணம்தான், கட்டணத்தையும் அவரே கட்டினார். இரண்டு ஆண்டு கழித்து மனக்கசப்பில் விலகினார். கம்பெனி, வாடிக்கையாளர்கள், மென்பொருள் எல்லாம் மற்ற இருவரிடம் இருந்தன. பெயர் மட்டும் அவர் பையில் போய்விட்டது. அதை அவரிடமிருந்து விலை கொடுத்து வாங்க வேண்டியதாயிற்று.

ஆகவே இந்த வரிசையில் செல்லுங்கள்: முதலில் தேடல், பிறகு கம்பெனிப் பதிவு, அது முடிந்த கையோடு கம்பெனி பெயரில் டிரேட்மார்க் விண்ணப்பம். கம்பெனி பதிவாவதற்குள் பெயர் வெளியே தெரிந்துவிடும் நிலை இருந்தால் மட்டும், உங்கள் நாட்டு விதி இடம் கொடுக்கிறதா என்று ஒரு வக்கீலிடம் கேட்டுவிட்டு ஒருவர் பெயரில் போடலாம். சில நாடுகளில் தவறான ஆள் பெயரில் போட்ட விண்ணப்பத்தைத் திருத்தவே முடியாது. அப்படிப் போட்டால், கம்பெனி பதிவானதும் பெயர் கம்பெனிக்கே என்று எழுத்து மூலம் மாற்றி, மாற்றத்தை டிரேட்மார்க் அலுவலகத்திலும் பதிய வேண்டும். வாய்ப்பேச்சு செல்லாது. சின்னத்தை வெளியாள் வரைந்து கொடுத்திருந்தால் அவரிடமும் இதே போல ஒரு காகிதம் வாங்குங்கள். பல நாடுகளில், பணம் கொடுத்துவிட்டதாலேயே ஓவியத்தின் உரிமை தானாக வந்துவிடாது.

வெளிநாட்டிலும் செயலியை விடும் எண்ணம் இருந்தால், முதல் விண்ணப்பத் தேதியிலிருந்து ஆறு மாதக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். 1883-ஆம் ஆண்டின் பாரிஸ் உடன்படிக்கையில் உள்ள நாடுகளில் அந்த ஆறு மாதத்துக்குள் போட்டால், முதல் தேதியையே அங்கும் கேட்டுப் பெறலாம். ஏழாவது மாதம் போனால் அன்றைய தேதிதான்; இடையில் அங்கே அதே பெயருக்கு விண்ணப்பித்தவர் உங்களை முந்திவிடலாம்.

விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது பெயருக்கு அருகே "டிஎம்" என்று போட்டுக்கொள்ளலாம். வட்டத்துக்குள் "ஆர்" போடுவது பதிவுக்குப் பிறகுதான். முந்திக்கொண்டு போடுவது பல நாடுகளில் குற்றம்.

விண்ணப்பம் வெளியானதும் உங்கள் முகவரியும் வெளியே தெரியும். சில வாரங்களில் முத்திரை, வரிசை எண், கெடு தேதி எல்லாம் வைத்து அரசுக் கடிதம் போலவே பணம் கேட்டு ஒன்று வரக்கூடும். உலகம் முழுக்க நடக்கும் ஏமாற்று வேலை இது. அதிலுள்ள வங்கிக் கணக்கை, நீங்கள் விண்ணப்பித்த அலுவலகத்தின் இணையதளத்தில் உள்ள கணக்கோடு ஒப்பிடுங்கள். ஒத்துப்போகாவிட்டால் கிழித்துப் போடாமல் எனக்கு ஒரு நகல் அனுப்புங்கள், இப்படிப்பட்டவற்றைச் சேர்த்துவைக்கிறேன்.