ஸ்டார்ட்அப் ஒன்றின் ஆலோசனைக் குழுவில் சேர்கிறேன். என் அனுபவத்தைப் பற்றி ஒரு சுயகுறிப்பு கேட்கிறார்கள், எப்படி எழுதுவது?

உங்களுக்கு இருபது வருடமாவது வேலை அனுபவம் இருக்கும் என்று நினைக்கிறேன். நிறுவனர்கள் உங்கள் பையன் வயதுக்காரர்களாக இருப்பார்கள். "நாங்களே எழுதிக்கிறோம், போட்டோ மட்டும் அனுப்புங்க சார்" என்று சொல்லியும் இருப்பார்கள். போட்டோவைக் கொடுங்கள், எழுதுகிற வேலையை மட்டும் அவர்களிடம் விடாதீர்கள். நான் விட்டதால் பட்ட பாட்டைச் சொல்கிறேன்.

திருப்பூரில் சாயக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பில் 31 வருடம் வேலை பார்த்தவன் நான். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் ஷிப்ட் பொறுப்பில் இருந்தேன். ஓய்வுக்குப் பிறகு கோயம்புத்தூரைச் சேர்ந்த மூன்று இளைஞர்கள் தேடி வந்தார்கள். தண்ணீரிலிருந்து உப்பை வடிகட்டும் ஆர்.ஓ. மெம்பரேனில் அடைப்பு வரப்போவதை முன்கூட்டியே சொல்லும் கருவி ஒன்றைச் செய்துகொண்டிருந்தார்கள். நல்ல பிள்ளைகள். ஆலோசகராகச் சேர்ந்தேன்.

அவர்கள் எழுதிய குறிப்பு இது: "முப்பது ஆண்டுகளுக்கும் மேலான அனுபவம் கொண்ட நீர் மேலாண்மை நிபுணர். தொலைநோக்குச் சிந்தனையாளர். எங்கள் போர்டு மெம்பர்."

முதலீட்டாளர் தரப்பிலிருந்து ஒருவர் போன் செய்தார். கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகளுக்கு இந்தக் கருவி எடுபடுமா என்று கேட்டார். நான் ஒரு கடல்நீர் ஆலைக்குள்ளும் கால் வைத்ததில்லை. தெரியாது என்று சொன்னேன். "நீர் மேலாண்மை நிபுணர்னு போட்டிருக்கே" என்றார். பதில் சொல்ல முடியவில்லை. அடுத்த மாதம் ஒரு சாய ஆலை முதலாளி கூப்பிட்டார். "அண்ணா, நீங்க போர்டுல இருக்கீங்கன்னுதான் மிஷினை வாங்கினேன், சர்வீஸுக்கு ஆளே வரலைங்க" என்றார். சர்வீஸ் என் பொறுப்பு இல்லை என்று அவருக்கு எப்படிப் புரியவைப்பது? அந்தக் குறிப்பைப் படித்தவருக்கு நான் கம்பெனியின் பங்காளி போலத்தான் தெரிந்திருக்கிறேன்.

'போர்டு மெம்பர்' என்ற சொல்லை முதலில் எடுக்கச் சொன்னவர் என் ஆடிட்டர் நண்பர். கம்பெனிச் சட்டத்தில் இயக்குநர் குழு உண்டு, ஆலோசனைக் குழு என்று ஒன்று கிடையாது. அது நிறுவனம் தானாக வைத்துக்கொள்வது, ஓட்டு கிடையாது, கையெழுத்து கிடையாது. ஆனால் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு 2(60), இயக்குநர் குழு யாருடைய ஆலோசனைப்படி வழக்கமாக நடக்கிறதோ அவரையும் தவறுக்குப் பொறுப்பாகும் அதிகாரிகள் வரிசையில் சேர்க்கிறது. தொழில்முறை ஆலோசனை தருபவருக்கு மட்டும் விலக்கு உண்டு. அதனால் 'தொழில்நுட்ப ஆலோசகர், நிர்வாகப் பொறுப்பு இல்லை' என்று குறிப்பிலேயே இருக்கட்டும் என்றார். இதனால் மட்டும் முழுப் பாதுகாப்பு வந்துவிடாது, ஒப்பந்தத்திலும் அதுவே இருக்க வேண்டும்.

அடுத்தது, என்ன தெரியும் என்பதை எழுதுவது. வருடக் கணக்கை எழுதினால் படிப்பவருக்கு ஒன்றும் விளங்காது. நீங்கள் இல்லாவிட்டால் அந்த நிறுவனம் எந்த முடிவைத் தவறாக எடுத்திருக்கும் என்று யோசியுங்கள். எனக்கு அது ஒரு தீபாவளி லீவில் கிடைத்தது.

லீவு முடிந்து ஆலை ஓடத் தொடங்கிய காலையில் கருவி எச்சரிக்கை கொடுத்தது. நல்ல தண்ணீர் வரத்து ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது, மெம்பரேனைக் கெமிக்கல் போட்டுக் கழுவுங்கள் என்று. பையன்களுக்குச் சந்தோஷம், கருவி கண்டுபிடித்துவிட்டதே என்று. நான் வேண்டாம் என்றேன். சாயத் தண்ணீர் சூடாக வருவது. நாலு நாள் தொட்டியிலேயே கிடந்ததால் 35 டிகிரியிலிருந்து 28க்கு இறங்கியிருந்தது. அதே அழுத்தத்தில் ஒரு டிகிரி குறைந்தால் வரத்து சுமார் மூன்று சதவீதம் குறையும். ஏழு டிகிரிக்குக் கணக்கு போட்டால் அந்த ஐந்தில் ஒரு பங்கு அப்படியே வந்துவிடுகிறது. உண்மையில் அடைப்பு என்றால் மெம்பரேனுக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வித்தியாசம் ஏறியிருக்கும், அல்லது வெளிவரும் தண்ணீரில் உப்பு கூடியிருக்கும். இரண்டுமே பழைய அளவில்தான் இருந்தன. தேவையில்லாமல் கழுவினால் கெமிக்கல் செலவோடு போகாது, ஒவ்வொரு கழுவலும் மெம்பரேனின் ஆயுளைத் தின்னும். சாயங்காலம் சூடான தண்ணீர் வந்ததும் வரத்து தானாக ஏறியது. அதன் பிறகுதான் வெப்பநிலைக்கு ஏற்பக் கணக்கைத் திருத்தும் பகுதியை மென்பொருளில் சேர்த்தார்கள்.

இதை வைத்து நான் எழுதிக் கொடுத்த குறிப்பு:

"திருப்பூர் சாய ஆலைக் கழிவுநீரை ஆர்.ஓ., எவாப்பரேட்டர் மூலம் சுத்திகரிக்கும் நிலையங்களில் 31 ஆண்டுகள் இயக்கப் பணி. மெம்பரேனில் உண்மையான அடைப்பையும் வெப்பநிலை, உப்பளவு மாற்றத்தால் வரும் பொய் எச்சரிக்கையையும் பிரித்தறிவதில் இந்நிறுவனத்துக்கு உதவுகிறார். மாதம் இரு முறை கள ஆய்வுத் தரவுகளைப் பார்க்கிறார். கடல்நீர், குடிநீர் ஆலைகள் இவர் துறை அல்ல. தொழில்நுட்ப ஆலோசகர், நிர்வாகப் பொறுப்பு இல்லை. வேறொரு சுத்திகரிப்பு நிலையத்துக்கும் கட்டணம் பெற்று ஆலோசனை தருகிறார்."

கடைசி வரிக்கு நிறுவனர்கள் முகம் சுளித்தார்கள். நான் விடவில்லை. அந்த நிலையம் நாளைக்கு இதே கருவியை வாங்கினால், இரண்டு பக்கமும் காசு வாங்கியவன் என்ற பேச்சு எனக்குத்தான் வரும். பழைய கம்பெனியின் பெயரை நான் போடவில்லை, அதற்கு அவர்கள் எழுத்துமூலம் அனுமதி தர வேண்டும். நீங்கள் இன்னும் வேலையில் இருந்தால் அந்தக் கடிதம் கைக்கு வராமல் குறிப்பையே வெளியிட விடாதீர்கள்.

மார்க்கெட்டிங் தெரிந்தவர்கள் வந்து, தெரியாததை யாராவது சுயகுறிப்பில் எழுதுவார்களா என்பார்கள். முதலீட்டாளருக்குக் காட்டும் ஸ்லைடில் இடம் இரண்டு வரிக்குத்தான் என்பதும் எனக்குத் தெரியும். அங்கே முதல் இரண்டு வாக்கியங்களை வையுங்கள், முழுக் குறிப்பு இணையதளத்தில் இருக்கட்டும். பெரிய பெயருள்ளவர்களுக்கு இது பொருந்தாமல் போகலாம். அவர்கள் பெயர் மட்டுமே போதும் என்று நிறுவனம் சேர்த்திருக்கும். நான் பேசுவது என்னைப் போலக் களத்தில் நின்றவர்களுக்கு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், நீங்கள் கேட்காவிட்டாலும். பையன்கள் எழுதிய முதல் குறிப்பில் என் படிப்பைக் காணோம். கேட்டேன். "டிப்ளமோன்னு போட்டா ஸ்லைடுல வெயிட் இருக்காது சார்" என்றான் ஒருவன். அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் எனக்கு 31 வருடமும் கேட்ட சொல் அது. ராத்திரி ரெண்டு மணிக்கு எவாப்பரேட்டர் டியூபில் உப்பு கட்டிக்கொண்டால் இறங்குவது டிப்ளமோக்காரனும் ஐ.டி.ஐ.க்காரனும்தான். காலையில் அதிகாரிகள் வரும்போது ரிப்போர்ட்டில் பெயர் டிகிரிக்காரருடையது. பதவி உயர்வு மூன்று முறை அதனாலேயே கைநழுவியது. வேலையை விட்டு வரும்போது கொடுத்த அனுபவச் சான்றிதழிலும் 'ஆபரேட்டர்' என்றே போட்டிருந்தார்கள், ஒன்பது வருடம் ஷிப்ட் பொறுப்பு பார்த்தவனுக்கு.

இப்போது அந்த இணையதளத்தில் என் பெயருக்குக் கீழே 'டிப்ளமோ, கெமிக்கல்' என்று இருக்கிறது. நானே உட்கார்ந்து போடவைத்தேன். போன மாதம் பெருந்துறையிலிருந்து ஒரு பிளான்ட் சூப்பர்வைசர் கூப்பிட்டார். சர்வீஸ் பற்றியோ கடல்நீர் பற்றியோ அல்ல, கடைசி ஸ்டேஜ் மெம்பரேனில் மட்டும் உப்பு ஏறுகிறது, என்ன பார்க்க வேண்டும் என்று கேட்டார். முக்கால் மணி நேரம் பேசினோம்.